காந்தம் தள்ளாத எலக்ட்ரானுக்கு வேகம் எங்கிருந்து வந்தது?

1940-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கெர்ஸ்ட் என்ற இளம் இயற்பியலாளர் ஒரு சிறிய இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். காற்று நீக்கிய, வளைய வடிவக் கண்ணாடிக் குழாய் ஒன்று. அதைச் சுற்றி ஒரு மின்காந்தம். அவ்வளவுதான். குழாய்க்குள் விடப்பட்ட எலக்ட்ரான்கள் 7.5 சென்டிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுற்றிச் சுற்றி வந்து, 23 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை எட்டின. ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 98 விழுக்காடு அது. அந்த இயந்திரம் பீட்டாட்ரான் என்று பெயர் பெற்றது.

பள்ளியில் இயற்பியல் படித்த எவருக்கும் இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். காந்தப்புலம் ஒரு மின்துகளின் பாதையை வளைக்கும்; அதன் வேகத்தைக் கூட்டாது. காந்த விசை எப்போதும் துகள் போகும் திசைக்குச் செங்குத்தாகவே இருப்பதால் அது வேலை எதுவும் செய்வதில்லை. வேகப்படுத்துவதற்கென்று உயர் மின்னழுத்தத் தகடுகளும் அந்தக் குழாய்க்குள் இல்லை. அப்படியானால் எலக்ட்ரானுக்கு இவ்வளவு வேகம் எப்படி வந்தது?

மாறும் காந்தப்புலம் தன்னைச் சுற்றி ஒரு மின்புலத்தை உண்டாக்கும் என்ற ஃபாரடேயின் விதியைச் சொல்லி இதற்கு விடை தரலாம். அது சரியான விடைதான். ஆனால் ஒவ்வொரு நொடிப் பகுதியிலும் மின்புலம் எவ்வளவு, எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே போக வேண்டியிருக்கும். அந்த உழைப்பை இரண்டு வரிகளில் அடக்கிவிடும் இன்னொரு வழி உண்டு. அதன் பெயர் லக்ராஞ்சியன்.

சாதாரண இயக்கவியலில் லக்ராஞ்சியன் என்பது இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்தால் கிடைப்பது. துகள் எந்தப் பாதையில் போகும் என்பதை அந்த ஒரே அளவிலிருந்து வருவித்துவிடலாம். மின்புலத்தில் நிற்கும் துகளுக்கு நிலை ஆற்றல் உண்டு: மின்னூட்டம் q, மின்னழுத்தம் φ என்றால் அது qφ. காந்தப்புலத்தில்தான் சிக்கல். காந்த விசை துகளின் வேகத்தைப் பொறுத்தது, வேலையும் செய்யாது. அதற்கென ஒரு நிலை ஆற்றலை எழுதவே முடியாது. எனவே வேகத்தோடு பின்னிய புதிய உறுப்பு ஒன்றைச் சேர்க்கிறார்கள்:

L = ½mv² − qφ + q v·A

இதில் A என்பது வெக்டர் அழுத்தம். காந்தப்புலம் B எப்படிச் சுழன்று கிடக்கிறது என்பதைத் தனக்குள் வைத்திருக்கும், திசையுள்ள ஓர் அளவு. லக்ராஞ்சியனை இப்படி எழுதி, வழக்கமான விதிப்படி வகைக்கெழு எடுத்தால், மின்விசையும் காந்த விசையும் சேர்ந்த லாரன்ஸ் விசை முழுமையாக வந்துவிடுகிறது. காந்தப்புலம் மாறும்போது தோன்றும் மின்புலமும் அதிலேயே அடக்கம். தனியாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

இனி உந்தம். லக்ராஞ்சியனை வேகத்தால் வகையிட்டுக் கிடைப்பதைக் கெனானிக்கல் உந்தம் என்பார்கள். காந்தப்புலம் இல்லாவிட்டால் அது நாம் அறிந்த mv-தான். இங்கே அது mv + qA ஆகிவிடுகிறது. துகள் அசையாமல் நின்றாலும், A இருக்கும் இடத்தில் நின்றால் அதன் பெயரில் qA என்ற உந்தம் கணக்கில் இருக்கும். மாணவர்கள் பலர் இந்த இடத்தில் இதை வெறும் கணிதக் குறியீடு என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். கெர்ஸ்டின் இயந்திரத்தைப் பார்த்தால் அப்படி எண்ண முடியாது.

பீட்டாட்ரானின் காந்தம் அச்சைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு திசையில் சுழற்றினாலும் அமைப்பு மாறவில்லை என்றால், அந்தத் திசைக்குரிய கெனானிக்கல் உந்தம் மாறாது என்பது லக்ராஞ்சியன் தரும் விதி. இங்கே மாறாமல் இருப்பது கெனானிக்கல் கோண உந்தம். காந்தப்புலம் ஏறினாலும் இறங்கினாலும், வேகமாக மாறினாலும் மெதுவாக மாறினாலும் இந்த விதிக்குப் பாதிப்பில்லை. எலக்ட்ரானின் மின்னூட்டம் −e என்பதால், மாறாத அந்த அளவு r(p − eA). இதில் p என்பது எலக்ட்ரானின் உண்மையான இயக்க உந்தம். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது mv-க்குப் பதில் சார்பியல் உந்தத்தைப் போட வேண்டும். eA என்ற பகுதி அப்படியே இருக்கும்.

எலக்ட்ரான் உள்ளே விடப்படும்போது காந்தப்புலமும் குறைவு, அதன் உந்தமும் குறைவு. ஆகவே மாறாத அளவைச் சுழியம் என்றே கொள்ளலாம். பிறகு எந்தக் கணத்திலும் p = eA. காந்தம் ஏற ஏற A கூடும். A கூடிய அளவுக்கு எலக்ட்ரானின் உந்தமும் கூடியே ஆக வேண்டும். வேகம் வந்த வழி இதுதான்.

வெக்டர் அழுத்தத்தை ஒரே மாதிரிதான் எழுத வேண்டும் என்பதில்லையே, பிறகு எப்படி இதை நம்புவது என்று விவரம் தெரிந்தவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. B-ஐ மாற்றாமல் A-ஐ வேறு விதமாக எழுத முடியும். எழுதினால் கெனானிக்கல் உந்தத்தின் மதிப்பும் மாறும். ஆனால் ஒரு வட்டத்தைச் சுற்றி A-ஐக் கூட்டினால் வருவது அந்த வட்டத்துக்குள் புகுந்து செல்லும் மொத்தக் காந்தப்பாயம் Φ. அதை யாரும் மாற்ற முடியாது. நம் இயந்திரத்தின் சமச்சீரைக் கெடுக்காமல் எழுதினால், பாதையில் A = Φ/2πr.

இப்போது எலக்ட்ரான் அதே ஆரத்தில் நிலைத்திருக்க என்ன வேண்டும் என்று பார்ப்போம். பாதையில் உள்ள காந்தப்புலம் B அதை வட்டமாக வளைக்க p = eBr என இருக்க வேண்டும். முன்பு கண்டது p = eΦ/2πr. இரண்டையும் சமமாக்கினால் Φ = 2πr²B. வட்டத்தின் பரப்பு πr². ஆக, வட்டத்துக்குள் உள்ள சராசரிக் காந்தப்புலம் பாதையில் உள்ள புலத்தைப்போல் சரியாக இரு மடங்கு இருக்க வேண்டும். நார்வேயைச் சேர்ந்த ரோல்ஃப் விடரோ 1928-ல் வெளியிட்ட நிபந்தனை இதுவே. அவர் ஜெர்மனியின் ஆகென் நகரில் இதே கருவியைச் செய்து பார்த்துத் தோற்றவர். இரண்டு மடங்கு விதி அவருக்குத் தெரிந்திருந்தது. பாதையிலிருந்து சற்றே விலகிய எலக்ட்ரானைத் திரும்ப இழுத்து வரும் ஏற்பாடுதான் அவரிடம் இல்லை. ஆரம் கூடக் கூடப் புலம் மெல்லக் குறையும்படி காந்த முனைகளை வடிவமைத்து, கெர்ஸ்ட் அதைச் சாதித்தார்.

கெர்ஸ்டின் இயந்திரத்துக்கே எண்களைப் போட்டுப் பார்க்கலாம். 23 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரானை 7.5 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைக்க, பாதையில் சுமார் 0.12 டெஸ்லா வேண்டும். உள்ளே சராசரி 0.25 டெஸ்லாவுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் காந்தம் நொடிக்கு 600 சுழற்சி கொண்ட மாறுமின்னோட்டத்தில் இயங்கியது; புலம் உச்சத்தை எட்ட அரை மில்லி நொடிகூட ஆகாது. அதற்குள் ஒரு சுற்றுக்குச் சராசரியாகப் பத்து வோல்ட் அளவே கிடைத்தாலும், எலக்ட்ரான் இரண்டு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுற்றி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது.

மைய இரும்பு தெவிட்டிப்போய், உள்ளே காந்தப்பாயம் போதாமல் நின்றால், எலக்ட்ரான் உள்நோக்கிச் சுருளும். பாயம் மிஞ்சினால் வெளிநோக்கி விரியும். இந்தக் குறையையே பிற்பாடு கருவியாக்கிக்கொண்டார்கள்: உரிய கணத்தில் விகிதத்தை வேண்டுமென்றே கலைத்து, எலக்ட்ரான்களை உலோக இலக்கில் மோதவிட்டு எக்ஸ் கதிர்களைப் பெற்றார்கள்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. வட்டத்தில் வளையும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். மேலே எழுதிய லக்ராஞ்சியனில் அந்த இழப்புக்கு இடமில்லை. ஆற்றல் மிகும்போது இழப்பு மிக விரைவாகப் பெருகி, p = eA என்ற சமன்பாடு பிசகத் தொடங்கும். 1946-ல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 10 கோடி எலக்ட்ரான் வோல்ட் பீட்டாட்ரானில் பாதை சுருங்குவதை ஜான் புளூவெட் கண்டார்; கதிர்வீச்சு இழப்பின் அளவோடு அது ஒத்துப்போயிற்று. 1950-ல் கெர்ஸ்ட் இல்லினாயில் 30 கோடி எலக்ட்ரான் வோல்ட் இயந்திரத்தை இயக்கினார். அதற்கு மேல் எலக்ட்ரான்களை முடுக்கும் வேலை சிங்க்ரோட்ரான்களுக்கும் நேர்கோட்டு முடுக்கிகளுக்கும் போய்விட்டது.