சூரியன் இறங்கியும் சூடு இறங்காத ஊர்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால், நாளிதழில் நாம் முதலில் தேடுவது நேற்றைய அதிகபட்ச வெப்பநிலையைத்தான். அதற்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் குறைந்தபட்ச வெப்பநிலையை யாரும் கவனிப்பதில்லை. ஆனால், ஒரு நகரம் தன் பங்குக்கு எவ்வளவு சூட்டைக் கூட்டுகிறது என்று அறிய விரும்பினால், பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணைத்தான். நகரத்தின் சொந்தச் சூடு இரவில்தான் வெளிப்படுகிறது.

இதை முதலில் அளந்து எழுதியவர் லண்டனைச் சேர்ந்த லூக் ஹோவர்ட். மருந்துப் பொருள்கள் தயாரிப்பது அவர் தொழில். வானிலையைக் கவனிப்பது அவர் ஆர்வம். மேகங்களுக்கு இன்று உலகம் முழுக்க வழங்கும் பெயர்களை வகுத்தவரும் அவரே. லண்டன் நகருக்குள் எடுத்த வெப்ப அளவுகளையும், சுற்றியிருந்த நாட்டுப்புறத்தில் எடுத்தவற்றையும் அவர் பல ஆண்டுகள் ஒப்பிட்டார். 1818இலும் 1820இலும் வெளியான தன் நூலில் அந்த முடிவுகளைத் தந்தார். பகலில் இரண்டு இடங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரவில் நகரம் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ் அதிக வெப்பமாக இருந்தது. சுற்றிலும் குளிர்ந்த நிலம், நடுவில் சூடான நகரம் என்ற இந்த அமைப்பைத்தான் இன்று ‘நகர வெப்பத் தீவு’ என்கிறோம்.

சென்னையில் இதைப் புரிந்துகொள்ளத் தியாகராய நகரை விடப் பொருத்தமான இடம் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு காலத்தில் நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதிதான் இன்றைய தி.நகர். 1920களில் ஏரியை வடித்து, நடுவில் ஒரு பூங்காவை வைத்து, அதைச் சுற்றித் தெருக்களைப் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோடும், நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் ரோடும் அந்த ஏரியின் கரையை இன்றும் பெயரில் வைத்திருக்கின்றன. தண்ணீர் இருந்த இடத்தில் வீடு வந்தது. பிறகு, தோட்டம் சூழ்ந்த தனி வீடுகள் இருந்த இடத்தில் அடுக்குமாடிகளும் கடைகளும் வந்தன. இந்த மாற்றத்தில் சூட்டைக் கூட்டிய காரணங்கள் மூன்று: கட்டும் பொருள், போன பசுமை, தெருவின் வடிவம்.

தளம் குடிக்கும் வெயில்

முதலில் பொருளை எடுத்துக்கொள்வோம். சாதாரணமான ஒரு 1,000 சதுர அடி வீடு. மேலே 5 அங்குல கான்கிரீட் தளம். கம்பியும் ஜல்லியும் சிமென்ட்டும் சேர்த்து அந்தத் தளத்தின் எடை சுமார் 28 டன். மே மாதக் காலையில் 30 டிகிரியில் இருக்கும் அது, பிற்பகலுக்குள் சராசரியாக 50 டிகிரிக்கு ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த 20 டிகிரி ஏற்றத்தில் தளத்துக்குள் சேமிக்கப்படும் வெப்பத்தைக் கணக்கிட்டால், ஏறத்தாழ 140 யூனிட் மின்சாரத்துக்குச் சமம் வருகிறது. நடுத்தரக் குடும்பம் ஒன்று பல நாள் செலவழிக்கும் மின்சாரம் அது. இத்தனையும் ஒரே பகலில், ஒரே மொட்டை மாடியில் சேர்கிறது.

மேல் பரப்பில் நண்பகலில் உறைக்கும் சூடு, கான்கிரீட்டைக் கடந்து கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். அதனால்தான் மாலை ஐந்து மணிக்கு வெயில் தணிந்து வெளியில் காற்று வீசும்போது வீட்டுக்குள் புழுக்கம் ஏறுகிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல்மாடி அறையில் ஸ்டூல் போட்டு ஏறி, உட்கூரையில் கையை வைத்துப் பாருங்கள். கையை எடுக்கத் தோன்றும் அளவுக்குச் சுடும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறது. தளத்தின் மேல்பக்கமோ அதே சூட்டைத் தெருவின் காற்றுக்கும் வானத்துக்கும் விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு தெருவில் ஐம்பது தளங்கள், அவற்றின் சுவர்கள், நடுவில் தார்ச்சாலை எல்லாம் சேர்ந்து விடியும் வரை இதைச் செய்தால் காற்று எப்படிக் குளிரும்?

நிறமும் சேர்ந்துகொள்கிறது. புதிதாகப் போட்ட தார்ச்சாலை தன்மேல் விழும் வெயிலில் நூற்றில் ஐந்து பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது, மற்றதை விழுங்கிவிடுகிறது. பழகிய கான்கிரீட் சுமார் முப்பது பங்கைத் திருப்பும். புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு எழுபது, எண்பது பங்கு வரை திருப்பும்.

பழைய சென்னை வீடுகளின் ‘மெட்ராஸ் டெரஸ்’ இந்த இடத்தில் நினைவுகூரத்தக்கது. தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல்லை நெட்டுவாக்கில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கனமாகப் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். செங்கல் ஜல்லியின் நுண்துளைகளில் காற்று நிறைந்திருப்பதால் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். இன்று கான்கிரீட் தளத்துக்கு மேல் போடும் ‘வெதரிங் கோர்ஸ்’ அந்த வழக்கத்தின் மிச்சம். செலவை மிச்சப்படுத்த அதையும் விட்டுவிட்டு, நீர்க்கசிவைத் தடுக்கும் ரசாயனத்தை மட்டும் பூசி முடிக்கும் கட்டடங்கள் பெருகிவிட்டன. தண்ணீர் இறங்காது, ஆனால் சூடு இறங்கும்.

ஆவியாகாத வெயில்

இரண்டாவது காரணம் தண்ணீரும் மரமும் போனது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வெப்பம் தேவை. ஏரி இருந்தபோது அதன்மேல் விழுந்த வெயிலின் பெரும்பகுதி தண்ணீரை ஆவியாக்குவதில் செலவானது. அந்த வெயில் நிலத்தைச் சூடாக்கவில்லை. வேருக்கு ஈரம் கிடைக்கும் ஒரு வளர்ந்த மரம் ஒரு நாளில் 100 லிட்டர் தண்ணீரை இலை வழியாக வெளிவிடக்கூடும். அதாவது 60 யூனிட்டுக்கு மேல் வெப்பத்தை அது காற்றிலிருந்தும் வெயிலிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நாம் கணக்கிட்ட மாடித் தளத்தின் மொத்தச் சூட்டையும் ஈடுகட்ட அப்படிப்பட்ட மரங்கள் இரண்டு போதும்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. வேருக்குத் தண்ணீர் போக வேண்டும். நம் தெருக்களில் மரத்தின் அடியைச் சுற்றித் தூர்வரை சிமென்ட் போட்டு அடைத்துவிடுகிறோம். மழைநீர் நேராக வடிகாலுக்குப் போகிறது. ஈரம் கிடைக்காத மரம் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது; உயிரோடு இருந்தாலும் குளிர்ச்சி தருவதைக் குறைத்துவிடுகிறது. வேர் பரவ இடமின்றிப் பலமிழந்து, புயலிலும் விழுகிறது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது.

சென்னை போன்ற கடலோர ஊரில் காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். ஆகவே மரம் வெளிவிடும் நீராவியால் கிடைக்கும் ஆறுதலுக்கு இங்கே ஒரு வரம்பு உண்டு. மரத்தின் நிழலுக்கு அப்படி வரம்பு இல்லை. புங்கையோ வேம்போ நிழல் போட்டிருக்கும் சுவரும் சாலையும் பகலில் வெயிலை வாங்குவதே இல்லை. வாங்காத சூட்டை இரவில் கக்க வேண்டியதும் இல்லை.

வானம் தெரியாத தெரு

மூன்றாவது காரணம் பலருக்கும் தோன்றாதது. சூடான தரை இரவில் குளிர்வதற்கு முக்கிய வழி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வானத்துக்கு அனுப்புவது. அதற்கு வானம் தெரிய வேண்டும். வெட்டவெளி வயல் விடிவதற்குள் குளிர்ந்துவிடுவது இதனால்தான்.

20 அடி அகலத் தெரு ஒன்றை எண்ணிப் பாருங்கள். இருபுறமும் தெரு விளிம்பை ஒட்டி 12 அடி உயர ஓட்டு வீடுகள். தெரு நடுவிலிருந்து தரை வெளிவிடும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு வானத்துக்கு வழி திறந்திருக்கும். அதே தெருவில் வீடுகளை இடித்துவிட்டுக் கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி என்று 45 அடிக்குக் கட்டுகிறார்கள். இப்போது அந்த வழி ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. மிச்ச வெப்பம் எதிர்ச் சுவரில் மோதுகிறது. அந்தச் சுவர் திரும்ப இங்கே அனுப்புகிறது. சுவரும் சுவரும் பந்து விளையாடுவதுபோல் இரவெல்லாம் அதையே எறிந்துகொண்டிருக்கின்றன.

உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே குறுகிய தெரு பகலில் நிழலாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் பகலில் தந்த அந்த உதவியை இரவில் அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. காற்று ஓடும் வழி இருந்தால்தான் இந்த இரண்டும் சமன்படும். சென்னையில் கோடைப் பிற்பகலின் பெரிய வரம் கடல்காற்று. கிழக்கிலிருந்து வரும் அதற்குக் கிழக்கு மேற்காகத் திறந்த தெருக்கள் வாசல். கடற்கரையை ஒட்டிச் சுவர்போல இடைவெளியின்றிக் கட்டடம் எழுந்தால், உள்ளே இருக்கும் பகுதிக்கு அந்த வாசல் சாத்தப்படுகிறது.

இதற்கிடையே ஒவ்வொரு வீட்டிலும் ஏ.சி. வருகிறது. 1.5 டன் ஏ.சி. ஒன்று முழு வேகத்தில் ஓடும் ஒரு மணி நேரத்தில் அறையிலிருந்து சுமார் 5 யூனிட் வெப்பத்தை எடுக்கிறது. தான் செலவழிக்கும் 1.5 யூனிட்டையும் சேர்த்து, ஆறரை யூனிட்டைத் தெருவில் கொட்டுகிறது. வசதி உள்ளவர் அறை குளிர, வசதி இல்லாதவர் தெரு சூடாகிறது.

அளப்பதில் ஏமாறாதீர்கள்

செயற்கைக்கோள் படங்களில் நகரம் சிவப்பாக எரிவதைப் பத்திரிகைகள் வெளியிடுகின்றன. அவை காட்டுவது கூரை, சாலை ஆகியவற்றின் மேற்பரப்புச் சூடு. நாம் சுவாசிக்கும் காற்றின் சூடு அதைவிடக் குறைவு. வானிலைத் துறை தரும் எண்ணோ, திறந்த வெளியில் நிழலான பெட்டிக்குள் எடுத்த காற்றின் வெப்பம். இரண்டுமே உங்கள் தெருவின் இரவைச் சொல்லாது. ஒரு சாதாரண வெப்பமானியை வெயில் படாத ஜன்னலுக்கு வெளியே, சுவரில் ஒட்டாமல், ஏ.சி. காற்று படாத இடத்தில் தொங்கவிட்டு, விடிகாலை ஐந்து மணிக்குக் குறித்து வாருங்கள். அந்த எண்ணை வானிலை நிலையத்தின் குறைந்தபட்ச வெப்பநிலையோடு ஒப்பிட்டால் உங்கள் தெரு கூட்டியது எவ்வளவு என்று தோராயமாகத் தெரியும்.

செய்ய வேண்டியவை இந்த மூன்று காரணங்களிலிருந்தே கிளைக்கின்றன. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு மிக மலிவான தொடக்கம். கோடையில் ஒரு நாளில் 1,000 சதுர அடியில் விழும் வெயில் 500 யூனிட்டுக்கு மேல். அதில் கூடுதலாக நாற்பது பங்கைத் திருப்பினாலும் 200 யூனிட் வீட்டுக்கும் தெருவுக்கும் வராமல் போகிறது. ஆனால் தூசி படிந்தால் பூச்சின் பயன் குறையும். கோடைக்கு முன் கழுவ வேண்டும். சுண்ணாம்பு என்றால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். அகமதாபாத் 2010ஆம் ஆண்டின் கொடிய வெப்ப அலைக்குப் பிறகு 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. பின்னர் குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதையும் அதோடு சேர்த்துக்கொண்டது. தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே கொள்கை கொண்டுவந்தது.

கூரைக்கு வெள்ளை அடிப்பது நம் கையில் இருக்கிறது. மரத்தூரைச் சுற்றிய சிமென்ட்டை உடைத்து மண்ணைத் திறப்பதும், கட்டடங்களுக்கு நடுவே சட்டப்படி விட வேண்டிய இடைவெளியைக் காப்பதும், மிஞ்சியிருக்கும் ஏரிகளை மனையாக்காமல் விடுவதும் மாநகராட்சியின் கையிலும் அரசின் கையிலும் இருக்கின்றன. அடுத்த முறை உங்கள் வார்டு உறுப்பினர் வாக்குக் கேட்டு வரும்போது சாலை, குடிநீர், தெருவிளக்கோடு இதையும் கேளுங்கள்: எங்கள் தெருவின் இரவுச் சூட்டைக் குறைக்க நீங்கள் செய்யப்போவது என்ன?