வாட்ச் செயினின் இடுக்கில் அடையும் கறுப்பு

கையில் வாட்ச் கட்டுகிறவர்கள் கண்ணாடியைத் துடைப்பார்கள். போகிற போக்கில் சட்டை நுனியால் ஒரு தேய்ப்பும் தேய்ப்பார்கள். செயினைத் திருப்பி உட்பக்கத்தைப் பார்ப்பவர்கள்தான் குறைவு. பார்த்தால், ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவில் கோடு கோடாகக் கறுப்பு அடைந்திருப்பது தெரியும். லாக்கைத் திறந்தால் அதன் மடிப்புக்குள் இன்னும் அதிகமாக இருக்கும். நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வரும்.

இதில் பெரும்பகுதி நம் உடம்பிலிருந்து வந்ததுதான். வியர்வையின் நீர் காய்ந்துபோக, உப்பு தங்கிவிடுகிறது. தோல் சுரக்கும் எண்ணெயும், உதிரும் தோல் செதிலும், கை கழுவும்போது புகுந்த சோப்பும், முகத்துக்குப் பூசிய பவுடரும், தெருப்புழுதியும் அந்த உப்போடு சேர்ந்து இறுகுகின்றன. ஆனால், இவற்றில் எதுவும் அவ்வளவு கறுப்பு இல்லையே? கறுப்பு நிறம் செயினிடமிருந்தே வருகிறது. கை அசையும்போதெல்லாம் கண்ணிகள் ஒன்றோடொன்று உரசி, கண்ணுக்குத் தெரியாத உலோகத்தூள் உதிர்ந்து எண்ணெயில் கலக்கிறது. சுரண்டி எடுத்த அழுக்கில் செயினும் கொஞ்சம் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அதனால் இதை வெறும் அழகுப் பிரச்சினையாக நினைக்க முடியாது. ஒவ்வொரு கண்ணியையும் அடுத்ததோடு பிணைப்பது ஒரு மெல்லிய பின். இடுக்கில் சேர்ந்த அழுக்கில் மணல் துகளும் இருப்பதால், கண்ணி மடங்கும்போதெல்லாம் அந்தப் பின்னும் பின் ஓடும் துளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, லாக்கைத் திறந்து, செயினின் ஒரு நுனியை மட்டும் பிடித்து, விளிம்பு மேலே இருக்கும்படி பக்கவாட்டில் நீட்டுங்கள். நல்ல செயின் ஏறக்குறைய நேராக நிற்கும். தேய்ந்த செயின் வளைந்து தொங்கும். இந்தத் தேய்மானத்தைக் கழுவிச் சரிசெய்ய முடியாது. கழுவிய பிறகு செயின் முன்னைவிடத் தொளதொளவென்று தோன்றவும் கூடும். தேய்ந்த இடைவெளியை அதுவரை அழுக்கு அடைத்துக்கொண்டிருந்தது, இப்போது அது போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு கேடு துரு. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு ஏது துரு?’ என்று கேட்கலாம். தரமான வாட்ச் செயின்களில் பெரும்பாலும் 316 எல் என்ற வகை எஃகு இருக்கும். அதில் 16 முதல் 18 சதவீதம் வரை குரோமியம். இந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மேற்பரப்பில் மிக மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்குகிறது. எஃகைத் துருப்பிடிக்காமல் காப்பது அந்தப் படலம்தான். கீறல் விழுந்தாலும் காற்று பட்டவுடன் அது மறுபடி உருவாகிவிடும். அழுக்கு அடைத்த இடுக்கில் காற்று புகாது, வியர்வை உப்பு மட்டும் தேங்கி நிற்கும். படலம் புதுப்பிக்கப்படாத அந்த இடத்தில்தான் உப்பிலுள்ள குளோரைடு எஃகை ஊசிமுனை அளவுக் குழிகளாக அரிக்கிறது.

எங்கள் தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவரின் வாட்ச் இதற்கு நல்ல உதாரணம். மூன்று வரிசைக் கண்ணி போட்ட ஸ்டீல் செயின். வாங்கியதிலிருந்து ஒருநாளும் கழுவியதில்லை. லாக்குக்குப் பக்கத்தில் இரண்டு கண்ணிகள் மடங்கவே மறுத்தன. அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் வேறு. “செயின் துருப்பிடிச்சிருச்சு அண்ணாச்சி, மாத்திருங்க” என்று கடையில் சொல்லிவிட்டார்கள். மாற்றுவதற்கு முன் ஒருமுறை கழுவிப் பார்க்கலாமே என்று அவருடைய வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்தோம்.

முதல் வேலை, செயினை வாட்சிலிருந்து கழற்றுவது. வாட்சின் இரண்டு காதுகளுக்கும் நடுவே ஸ்பிரிங் வைத்த பின் ஒன்று செயினைப் பிடித்திருக்கும். அதன் நுனியை உள்ளே அழுத்தினால் செயின் கழன்று வரும். நுனி கவைபோல் பிளந்த சிறு கருவி இதற்கென்றே வாட்ச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. காதுகளின் மேல் செலோ டேப் ஒட்டிக்கொண்டால் கீறல் விழாது. துண்டு விரித்து அதன்மேல் வைத்துச் செய்யுங்கள். இந்தப் பின் தெறித்து விழுந்தால் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். கண்ணிகளின் பின்களை மட்டும் தட்டிக் கழற்றாதீர்கள். கழுவுவதற்கு அது தேவையே இல்லை.

கழற்றக் கை வரவில்லை என்றால் அப்படியே விட்டுவிட்டு, ஈர பிரஷ்ஷால் செயினை மட்டும் தேய்க்கலாம். வாட்சைக் கையில் தூக்கிப் பிடித்துச் செயினை மட்டும் கீழே தொங்கவிட்டுக்கொள்ள வேண்டும். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி மொத்தமாகத் தண்ணீரில் முக்கிவிடக் கூடாது. அந்த அளவு, மழைத் தூறலையும் கை கழுவும்போது தெறிக்கும் நீரையும் தாங்குவதற்குத்தான். பழைய வாட்சில் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் அதுவும் தாங்காது.

பெரியவரின் செயினைக் கழற்றி, அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டோம். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும், கொதிநீர் வேண்டாம். பாத்திரம் கழுவும் திரவம் அரைத் தேக்கரண்டி. அரைமணி நேரம் ஊறட்டும் என்று விட்டுவிட்டோம். இந்த ஊறலைத்தான் பலரும் தவிர்த்துவிட்டு நேராகப் பிரஷ்ஷை எடுக்கிறார்கள். காய்ந்து இறுகிய எண்ணெய்ப் பிசுக்கு இளகாத வரைக்கும், பிரஷ் மேலேதான் ஓடுமே தவிர இடுக்குக்குள் போகாது.

அடுத்தது தேய்ப்பு. குழந்தைகளுக்கு வாங்கும் மென்மையான டூத் பிரஷ் நல்லது. செயினைத் தட்டையாக வைத்துத் தேய்த்தால் பாதி அழுக்கு உள்ளேயே இருந்துவிடும். விரல்மேல் போட்டு ஒரு பக்கமாக வளைத்தால் அந்த வரிசையின் இடுக்கு விரியும். விரிந்த இடுக்கின் நீளவாக்கில் பிரஷ்ஷை ஓட்ட வேண்டும். பிறகு செயினைத் திருப்பிப் போட்டு, எதிர்ப்பக்கம் வளைத்து மறுபடி. லாக்கின் மடிப்புக்கும் ஓரங்களுக்கும் மரப் பல்குச்சி போதும். ஊக்கு, குண்டூசி எல்லாம் கோடு போட்டுவிடும்.

முதல் தண்ணீர் சாம்பல் நிறமாகி, அடியில் கறுப்பு வண்டல் தங்கியது. அதைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் மறுபடி ஊறப்போட்டோம். அழுக்கு அதிகம் என்றால் ஒரே தண்ணீரில் இரவெல்லாம் போட்டு வைப்பதைவிட, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைப்பதே பலன் தரும். தண்ணீர் தெளிவாக நிற்கிறதா, ஒவ்வொரு கண்ணியும் தன் எடையிலேயே மடிந்து விழுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் வேலை முடிந்தது. அடம்பிடித்த அந்த இரண்டு கண்ணிகளும் இரண்டாவது ஊறலில் இளகின.

பழுப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை தேய்ப்பிலேயே போய்விட்டன. அவை செயினின் துரு அல்ல; கடையில் இரும்பு அறுக்கும்போது பறந்த தூள் செயினில் ஒட்டி, அது துருப்பிடித்திருக்கிறது. ஒரே ஒரு புள்ளி மட்டும் சில நாளில் அதே இடத்தில் திரும்ப வந்தது. கழுவிய பிறகும் அதே இடத்தில் பழுப்பு கசிந்தால், உள்ளே இருக்கும் பின் துருப்பிடித்திருக்க வாய்ப்பு அதிகம். பார்த்தால் அப்படியே, காதுப் பக்கத்து ஸ்பிரிங் பின். சில ரூபாய்க்குப் புதுப் பின் வாங்கிப் போட்டதோடு சரி, செயினை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

அலசுவதிலும் காயவைப்பதிலும் அவசரப்படாதீர்கள். சோப்பு உள்ளே தங்கினால் அதுவே அடுத்த அழுக்குக்கு அடிப்படை. மணிக்கட்டில் அரிப்பும் வரலாம். உங்கள் வீட்டில் போர்வெல் உப்புத் தண்ணீர் என்றால், கடைசி அலசலை மட்டும் குடிநீரில் செய்யுங்கள். இல்லையென்றால் காய்ந்தபின் கண்ணி ஓரங்களில் வெள்ளை பூத்து நிற்கும். பருத்தித் துணியால் ஒற்றி, செயினை நன்றாக உதறி, மின்விசிறிக்கு அடியில் மூன்று நான்கு மணி நேரம் போட்டுவிட வேண்டும். நடுவில் ஓரிரு முறை மடக்கி நீட்டினால் பின்னைச் சுற்றி நிற்கும் ஈரமும் வெளியேறும். மடிப்பு வழுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெயோ மெஷின் ஆயிலோ விடுகிறவர்கள் உண்டு. அந்த எண்ணெய் தெருப்புழுதி அத்தனையையும் இழுத்து வைத்துக்கொள்ளும்.

நம் வீடுகளில் உலோகம் என்றாலே புளி, எலுமிச்சை, விபூதி என்று கை போகிறது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அவை சரி. வாட்ச் செயினில் விபூதியும் பற்பசையும் நுண்ணிய கீறல் போட்டு, பளபளப்பான கண்ணியை மங்கவைக்கும். கோடு கோடாக மெருகிட்ட கண்ணியாக இருந்தால் அந்தக் கோடுகளை அழித்துவிடும். துணி வெளுக்கும் பிளீச்சிங் திரவத்தில் இருப்பதும் குளோரின் சேர்மம்தான், வியர்வை உப்பு செய்யும் கேட்டை அது இன்னும் வேகமாகச் செய்யும். தங்க முலாம் பூசிய மலிவான செயின்கள் பலவற்றில் உள்ளே பித்தளை இருக்கும். இடுக்கில் பச்சை கட்டியிருந்தால் முலாம் தேய்ந்து, பித்தளையிலுள்ள செம்பு வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட செயினுக்கு ஊறல் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். புளித் தண்ணீர் பட்டால் மிச்ச முலாமும் போய்விடும்.

வியர்வை அதிகம் கொட்டுகிற ஆளுக்கும் கடலோர ஊர்க்காரருக்கும் மாதம் ஒருமுறை கழுவுவது நல்லது. ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். இரவில் கழற்றியதும் உட்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு துடைப்பு துடைத்துவைத்தால் அதுகூட அடிக்கடி தேவைப்படாது.

கழுவும்போது கண்ணியின் பக்கவாட்டில் ஏதாவது ஒரு பின் தலை நீட்டிக்கொண்டிருந்தால் அதோடு நிறுத்திவிட்டுக் கடைக்கு எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் பஸ் கம்பியைப் பிடிக்கும்போது வாட்ச் கழன்று விழும். கையால் கழுவி வராத பழைய அழுக்கு இருந்தாலும் கடைதான் வழி. அங்கே அல்ட்ராசோனிக் தொட்டி வைத்திருப்பார்கள். நொடிக்குப் பல்லாயிரம் அதிர்வுகள் தண்ணீரில் நுண்குமிழிகளை உண்டாக்கும். அவை உடையும் வேகத்தில் இடுக்கிலுள்ள அழுக்கு பெயர்ந்து வரும். செயினுக்கு அது நல்லதுதான், திருகு போட்ட கண்ணிகள் என்றால் பிறகு ஒருமுறை முடுக்கிவிடச் சொல்லுங்கள். செயினைக் கழற்றாமல் முழு வாட்சையும் அந்தத் தொட்டியில் இறக்கப் போனால் மட்டும், வேண்டாம் என்று சொல்லித் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.