கேபிளில் கரையும் ட்ரெபிள்

ஒத்திகை அறையில் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரை மூன்று மீட்டர் கேபிளில் நேராக ஆம்ப்பில் செருகினால், முதல் தந்தி கணீரென்று ஒலிக்கிறது. அதே கிட்டார் மேடைக்குப் போகிறது. நடுவில் ஐந்து பெடல்கள், ஐந்துமே அணைத்த நிலையில். கிட்டாரிலிருந்து பெடல்களுக்கு ஆறு மீட்டர், பெடல்களிலிருந்து ஆம்ப்புக்கு இன்னொரு ஆறு மீட்டர் கேபிள். இப்போது ஒலிபெருக்கியின் மேல் கம்பளியைப் போர்த்தியதுபோல் கேட்கிறது. ஆம்ப்பின் ட்ரெபிள் குமிழைத் திருகிப் பார்த்தால், தந்தியின் பளிச்சென்ற ஒலி திரும்புவதற்கு முன்பே ‘உஸ்’ என்ற இரைச்சல்தான் வந்து நிற்கிறது.

எந்தக் கருவியும் பழுதாகவில்லை. பெடல்களும் அணைந்தே இருக்கின்றன. அப்படியானால் ட்ரெபிள் எங்கே போனது?

விடை பிக்கப்பில் தொடங்குகிறது. தந்திகளுக்கு அடியில் ஆறு சிறு காந்தங்கள். அவற்றைச் சுற்றி, தலைமுடியைவிடச் சன்னமான செம்புக் கம்பி ஏறத்தாழ எட்டாயிரம் சுற்று. காந்தப்புலத்தில் எஃகுத் தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. மல்டிமீட்டரை வைத்தால் சுமார் 6 கிலோ ஓம் காட்டும். ஆனால் மீட்டர் அளப்பது அசையாத நேர்மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் தடையை மட்டும்தான். சுருள் என்பது மாற்றத்தை எதிர்க்கும் பொருள். அதிர்வு எவ்வளவு வேகமோ அவ்வளவு எதிர்ப்பு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பின் தூண்டல் 2.4 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 100 ஹெர்ட்ஸில் அந்த எதிர்ப்பு 1.5 கிலோ ஓம். 4,000 ஹெர்ட்ஸில் 60 கிலோ ஓம்! தடை, தூண்டல் எல்லாம் சேர்ந்து, சுருதிக்குச் சுருதி மாறும் இந்த மொத்த எதிர்ப்பைத்தான் இம்பீடன்ஸ் என்கிறார்கள். தமிழில் மின்மறுப்பு.

கோடையில் ஊற்று மெலிந்த கிணற்றை நினைத்துக்கொள்ளலாம். வாளியால் கொஞ்சமாக இறைத்தால் நீர்மட்டம் அப்படியே நிற்கும். பெரிய மோட்டாரைப் போட்டால் மட்டம் சரசரவென்று இறங்கிவிடும். நீர்மட்டம்தான் மின்னழுத்தம். பிக்கப் மெலிந்த ஊற்று; உயர்ந்த சுருதிகளில் அது மேலும் மெலிகிறது. அடுத்து வரும் கருவியின் உள்ளீட்டு மின்மறுப்பு, இறைப்பது வாளியா மோட்டாரா என்பதைத் தீர்மானிக்கிறது. கிட்டார் ஆம்ப்பின் உள்ளீடு வழக்கமாக 1 மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம். அது சிறு வாளி. மிக்ஸரின் லைன் உள்ளீடு சுமார் 10 கிலோ ஓம்தான். அதில் கிட்டாரை நேராகச் செருகினால் 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதுமே ஒலி சரியத் தொடங்கிவிடும். பதிவுக் கருவிகளில் ‘இன்ஸ்ட்ருமென்ட்’ என்று தனியாக ஒரு பொத்தான் இருப்பது இதற்காகத்தான்.

ஆனால் நம் மேடையில் கேபிள் போய்ச் சேர்வது 1 மெகா ஓம் உள்ள ஆம்ப்பில்தான். ஆகவே இங்கே இறைப்பது ஆம்ப் அல்ல, கேபிள்.

கிட்டார் கேபிளை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் பின்னிய செம்பு வலை, இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக். இரண்டு கடத்திகளுக்கு நடுவே ஒரு காப்புப் பொருள் இருந்தால் அது கெபாசிட்டர். கேபிள் முழுவதுமே ஒரு நீண்ட கெபாசிட்டர்தான். மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். சுருளும் கெபாசிட்டரும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒத்ததிர்வு ஏற்படும். அந்தச் சுருதி எடுப்பாகக் கேட்கும், அதற்கு மேலே உள்ளவை செங்குத்தாகச் சரியும். பிக்கப்பின் சொந்தக் கொள்ளளவு 100 பிகோஃபாரட் என்று சேர்த்துக் கணக்கிட்டால், மூன்று மீட்டர் கேபிளில் அந்த உச்சி 5,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே விழுகிறது. தந்தியின் பளபளப்பு குடியிருக்கும் இடம் அது.

மேடையில் இரண்டு பெரிய கேபிள்களும் பெடல்களுக்கு இடையிலான குட்டிக் கேபிள்களும் சேர்ந்து சுமார் 13 மீட்டர். ஐந்து பெடல்களும் ‘ட்ரூ பைபாஸ்’ வகை. அணைத்ததும் உள்ளே உள்ள ஸ்விட்ச் உள்ளீட்டையும் வெளியீட்டையும் வெறும் கம்பியாக இணைத்துவிடும். சுத்தமான ஏற்பாடு என்று இதைப் பலரும் தேடி வாங்குகிறார்கள். ஆனால் பிக்கப்பின் கண்ணுக்கு நடுவில் எதுவுமே இல்லை. 13 மீட்டர் கேபிள் மொத்தமும் ஒரே கெபாசிட்டராக அதன் தலையில் விழுகிறது. உச்சி 2,700 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. முன்பு எடுப்பாகக் கேட்ட 5,000 ஹெர்ட்ஸில் பிக்கப் தருவதில் பாதிகூட ஆம்ப்பைச் சேர்வதில்லை. கம்பளி போர்த்திய ஒலிக்குக் காரணம் இதுதான்.

இங்கே உதவிக்கு வருவது பஃபர். ஒரு டிரான்சிஸ்டரோ ஒரு சின்ன ஐ.சி.யோ போதும். அது ஒலியைக் கூட்டுவதில்லை. உள்ளே வந்த மின்னழுத்தத்தை அதே அளவில் வெளியே தருகிறது. ஆனால் உள்ளீட்டில் 1 மெகா ஓம், வெளியீட்டில் 1 கிலோ ஓம் அல்லது அதற்கும் குறைவு. கிணற்றுக்கும் வயலுக்கும் நடுவே கட்டிய தொட்டிபோல, அடுத்துள்ள கேபிளுக்கு வேண்டியதைத் தன் ஒன்பது வோல்ட் மின்சாரத்திலிருந்து கொடுக்கிறது. 1 கிலோ ஓம் வெளியீட்டில் பத்து மீட்டர் கேபிளை மாட்டினால் இழப்பு தொடங்குவது ஏறத்தாழ 1,60,000 ஹெர்ட்ஸில். மனிதக் காது 20,000 வரைதான் கேட்கும்.

பஃபரை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். வரிசையின் கடைசியில் வைத்தால் அதற்கு முன்னால் உள்ள கேபிளில் இழந்ததை அதனால் மீட்க முடியாது. முதல் பெடலாக வைத்தால் பிக்கப்புக்குத் தெரிவது ஆறு மீட்டர் மட்டும்; உச்சி 3,900 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். தனிப் பஃபர் வாங்க வேண்டும் என்பதுகூட இல்லை. பாஸ் நிறுவனத்தின் வழக்கமான சிறு பெடல்களில் அணைத்த நிலையிலும் பஃபர் வேலை செய்துகொண்டே இருக்கும். அதில் ஒன்று முன்னால் இருந்தாலே போதும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1966இல் லண்டனில் வெளிவந்த, ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் புகழ்பெற்ற ஃபஸ் ஃபேஸ் பெடலின் உள்ளீட்டு மின்மறுப்பு மிகவும் குறைவு. சில கிலோ ஓம்கள்தான். அது பிக்கப்பை வேண்டுமென்றே அழுத்துகிறது, அந்த அழுத்தமே அதன் குரல். கிட்டாரின் வால்யூமைச் சற்றுக் குறைத்தால் உறுமல் அடங்கி ஒலி தெளிவதும் பிக்கப்பும் பெடலும் நேராகத் தொட்டுக்கொண்டிருப்பதால்தான். நடுவே பஃபர் வந்தால் ஒலி கரகரவென்று கூசும். வால்யூமைக் குறைத்தாலும் தெளியாது. ஃபஸ் முதலில், பஃபர் அதற்கு அடுத்து என்பதே சரியான வரிசை.

சோதிப்பது எளிது. எல்லாப் பெடல்களையும் அணைத்துவிட்டு ஒரு ராகத்துணுக்கை வாசிக்க வேண்டும். பிறகு மூன்று மீட்டர் கேபிளில் நேராக ஆம்ப்பில் செருகி அதையே வாசிக்க வேண்டும். வேறுபாடு காதில் பட்டால் கேபிள் விழுங்குகிறது. இந்தச் சோதனையில் கிட்டாரின் வால்யூம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். குமிழைக் குறைக்கும்போது அதன் தடை பிக்கப்புக்கும் கேபிளுக்கும் நடுவே வந்து நிற்கிறது. 250 கிலோ ஓம் குமிழில் அது 60 கிலோ ஓமைத் தாண்டலாம். அப்போது பெடல் வரிசையில் எந்தப் பஃபர் இருந்தாலும் முதல் ஆறு மீட்டரிலேயே ட்ரெபிள் கரைந்துவிடும். அந்தக் குறையைத் தீர்க்க, கிட்டாரைத் திறந்து வால்யூம் குமிழின் இரு முனைகளுக்கு இடையே ஒரு சிறு கெபாசிட்டரைப் பற்றவைக்கிறார்கள்.