கொப்புளத்தைப் பார்க்கிறதா, மேகமூட்டத்தைப் பார்க்கிறதா?

“இலையைப் போனில் படம் பிடித்தால் என்ன நோய் என்று அந்த நிமிடமே சொல்லும் செயலிகள் வந்துவிட்டன, 99 வீதம் சரியாகச் சொல்கின்றன என்கிறார்கள். தேயிலைக்கு அவற்றை நம்பி மருந்தடிக்கலாமா?” பசறைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்த 99 பொய்யான எண் அல்ல. எந்தப் பரீட்சையில் எடுத்த புள்ளி என்பதைத்தான் விளம்பரங்கள் சொல்லாமல் விடுகின்றன. 2016இல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வில் இந்த எண் புகழ்பெற்றது. பிளாண்ட்வில்லேஜ் என்ற தொகுப்பிலிருந்த சுமார் 54,000 இலைப் படங்களைக் காட்டி ஒரு கணினி வலையமைப்பைப் பழக்கினார்கள். 14 பயிர்கள், பயிரும் நோயுமாகச் சேர்த்து 38 வகைகள். ஒதுக்கி வைத்திருந்த படங்களில் சோதித்தபோது 99.35 வீதம் சரி. அதே வலையமைப்பிடம் வேறு இடங்களில், வேறு விதமாக எடுக்கப்பட்ட 121 படங்களைக் கொடுத்தபோது 31.4 வீதம்தான் தேறியது. இரண்டாவது எண்ணையும் அதே கட்டுரையில் அவர்களே ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்கள். அதைச் சுவரொட்டியில் போட யாருக்கும் மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தச் சரிவுக்கான காரணம்தான் இத்துறையிலேயே சுவையான விஷயம். அந்தத் தொகுப்பின் இலைகளைச் செடியிலிருந்து கிள்ளி, சாம்பல் அல்லது கறுப்புத் தாளின்மேல் வைத்து, வெளியில் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்தார்கள். ஒரு நோயின் இலைகளை ஒரே நாளில், ஒரே தாளில், வரிசையாக எடுத்து முடிப்பது யாருக்கும் வசதி. ஆனால் அப்படிச் செய்யும்போது தாளின் நிறமும் அன்றைய வெளிச்சமும் நிழல் விழுந்த பக்கமும் நோயின் பெயரோடு ஒட்டிக்கொள்கின்றன. 2022இல் நொயான் என்பவர் இதைச் சோதிக்க ஒரு குறும்பு செய்தார். ஒவ்வொரு படத்திலும் இலையே இல்லாத இடங்களில், ஓரமாக, எட்டே எட்டுப் பிக்சல்களை எடுத்து, அவற்றை மட்டும் ஒரு சாதாரண நிரலுக்குக் காட்டினார். இலையின் ஒரு நரம்பைக்கூடப் பார்க்காத அந்த நிரல் 49 வீதம் சரியாக நோயைச் சொன்னது! கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் 38இல் ஒன்று, அதாவது 2.6 வீதம்தான் கிடைத்திருக்கும். பழக்கும்போது இயந்திரத்துக்கு நாம் கொடுக்கும் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: தவறைக் குறை. இலையில் பூஞ்சை செய்த மாற்றத்தைக் கண்டுபிடி என்று நாம் சொல்லவில்லை, சொல்லவும் வழியில்லை. தவறைக் குறைக்க எது சுலபமோ அதைத்தான் அது முதலில் பிடித்துக்கொள்ளும்.

கல்யாண ஆல்பத்தை வைத்துப் பெண் வீட்டு உறவினரை அடையாளம் காணப் பழகும் புது மாப்பிள்ளையின் நிலை இது. பச்சைப் பட்டு என்றால் பெரியம்மா, தங்கச் சங்கிலி மணிக்கூடு என்றால் பெரிய மாமா என்று மனப்பாடம் செய்துகொள்கிறார். அதே ஆல்பத்தின் பின்பக்கங்களைக் காட்டிக் கேட்டால் ஒருவரைக்கூடத் தவறவிட மாட்டார். அடுத்த மாதம் பதுளைச் சந்தையில் வேறு சேலையில் எதிரே வரும் பெரியம்மாவைத் தாண்டிப் போய்விடுவார், அதிலிருந்து வரும் குடும்பச் சண்டையை விட்டுவிடுவோம். படங்களைத் திருப்பியும் சாய்த்தும் காட்டிப் பழக்கினால் போதும் என்பவர்கள் இந்த மாப்பிள்ளைக்கு ஆல்பத்தைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டுகிறார்கள். சேலை தலைகீழாகவும் பச்சைதான். ஆல்பத்தை இன்னும் பெரிதாக்குவோம் என்றால், அதே மண்டபத்தில் அன்றே எடுத்த இன்னும் ஐந்நூறு படங்கள் சேரும். நொயான் செய்தது, ஆட்களை வெட்டியெடுத்துவிட்டு மண்டபத்துச் சுவரை மட்டும் மாப்பிள்ளைக்குக் காட்டியது. அவர் அப்போதும் பாதிப் பேரைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

இதை ஊவாவுக்குக் கொண்டுவருவோம். பிளாண்ட்வில்லேஜ் தொகுப்பில் உருளைக்கிழங்கும் தக்காளியும் உண்டு, அந்தளவுக்கு வெலிமடைக்காரருக்கு அதில் பங்கிருக்கிறது. தேயிலை இல்லை. ஆகவே நம் மலைகளுக்குப் படங்களை நாமே எடுத்துத்தான் பழக்க வேண்டும். எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் நோய் கொப்புள நோய். இதை உண்டாக்கும் பூஞ்சை இளங்கொழுந்தைத்தான் தாக்கும், ஈரமும் மூட்டமும் இருந்தால்தான் பெருகும். ஊவாவில் அந்தக் காலம் வடகீழ்ப் பருவமழையோடு வருகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை காய்ந்த காற்று வீசி, ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசத்தைக் கொடுக்கும் மாதங்களில் கொப்புளம் ஒடுங்கிவிடும். இப்போது படம் சேகரிக்கப் போகிறவர் என்ன செய்வார் என்று யோசியுங்கள். நோயுள்ள கொழுந்துகளை டிசம்பரில், மழை விட்ட இடைவெளியில், நனைந்த இலையும் சாம்பல் வெளிச்சமுமாக எடுப்பார். நோயற்றவற்றை ஆகஸ்டில், பளிச்சென்ற வெயிலில், சாவகாசமாக எடுப்பார். இரண்டிலும் ஆயிரமாயிரம் படங்கள் சேரும். இயந்திரமும் 99 வாங்கும். அது கற்றுக்கொண்டது கொப்புளத்தை அல்ல, மேகமூட்டத்தை. வெயில் நேரத்தை அளந்து கொப்புள நோயின் பெருக்கத்தை முன்கூட்டிக் கணிப்பது பற்றி 1960களிலேயே இலங்கையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் அதை நேரடியாக வெயில்மானியை வைத்தே செய்தார்கள், இலையைப் படமெடுத்துச் சுற்றி வளைக்கவில்லை.

பரிகாரம் கணினியில் இல்லை, மலையில்தான் இருக்கிறது. ஒரு நோய்க்கொழுந்தைப் படமெடுத்தால், அதே தூரிலோ பக்கத்துத் தூரிலோ நோயற்ற கொழுந்தொன்றையும் அதே நிமிடத்தில், அதே போனில், அதே கோணத்தில் எடுக்க வேண்டும். அப்போது ஈரமும் வெளிச்சமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அவற்றை வைத்துத் தவறைக் குறைக்க முடியாது என்று கண்ட பிறகு இயந்திரம் வேறு வழியின்றிக் கொப்புளப் புள்ளியைப் பார்க்கத் தொடங்கும். சோதனைக்கு, கலந்து குலுக்கிய குவியலிலிருந்து ஐந்தில் ஒன்றை எடுப்பது வழக்கம். அது அதே ஆல்பம்தான். மாறாக, பசறையிலும் ஹாலி எலயிலும் பண்டாரவளையிலும் எடுத்த படங்களில் பழக்கிவிட்டு, ஹப்புத்தளைத் தோட்டமொன்றை முழுவதுமாக ஒளித்துவைத்து, வேறு ஒருவரின் போனில் எடுத்த படங்களால் சோதிக்க வேண்டும். எண் விழும். விழுந்து நிற்கும் அந்த எண்தான் உங்கள் எண். இன்னொரு எளிய சோதனையும் உண்டு. நோய்ப்படத்தில் கொப்புளம் இருக்கும் இடத்தை மட்டும் ஒரு கறுப்புச் சதுரத்தால் மறைத்துத் திரும்பக் கேளுங்கள். அப்போதும் “கொப்புள நோய்” என்றே பதில் வந்தால், அது இத்தனை நாளும் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

வரலாற்றையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்த மாகாணத்துக்கு அது கொஞ்சம் சொந்தம். இலங்கையின் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில்தான் முதலில் கவனிக்கப்பட்டது. இலையைப் பார்த்தவர்கள் அதில் நோயிருக்கிறது என்று அன்றே கண்டார்கள், பூஞ்சைக்குப் பெயரும் அதே ஆண்டில் கிடைத்தது. அப்படியும் கோப்பி போனது. பெயரைச் சொல்வது வேறு, காப்பாற்றுவது வேறு என்பதற்கு மேல் இந்த வரலாற்றிலிருந்து நமக்கு இங்கே எதுவும் வேண்டியதில்லை.

“படத்தில் புள்ளியைத் தெளிவாகப் பார்க்கக் கற்றுவிட்டால் போதுமே” என்று ஒரு மறுப்பு வரும். எந்தப் புள்ளி என்பதைப் பொறுத்தது அது. கொப்புளம் தொடங்கும்போது இளம் இலையில் எண்ணெய் பட்டது போல, வெளிச்சம் ஊடுருவும் ஒரு சிறு புள்ளியாகத்தான் இருக்கும். பிறகு அது வட்டமாக விரிந்து, மேற்பக்கம் குழிந்து, கீழ்ப்பக்கம் புடைத்து, அங்கே வெள்ளை வெல்வெட் போல வித்துகள் படரும். கடைசியில் கருகும். வெள்ளை படர்ந்த இலையை அடையாளம் காணக் கொழுந்தெடுக்கும் யாருக்கும் செயலி தேவையில்லை. தேவைப்படுவது எண்ணெய்ப்புள்ளிக் கட்டத்தில்தான். அங்கேதான் கணக்கு காலை வாருகிறது. போன் படத்தின் அகலம் 4,000 பிக்சல் என்று வைப்போம், அதில் தூரின் 40 சென்ரிமீற்றர் அகலம் விழுகிறது. ஒரு மில்லிமீற்றருக்கு 10 பிக்சல், ஆகவே 2 மில்லிமீற்றர் புள்ளிக்கு 20. ஆனால் போனுக்குள் ஓடும் சிறு வலையமைப்புகள் பல படத்தைப் பெறுமுன் அதை 224 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிவிடுகின்றன. சுமார் 18 மடங்குச் சுருக்கம். நம் புள்ளி இப்போது ஒரு பிக்சல் சொச்சம், நீர்த்துளியின் மினுக்கத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. இதற்கும் வழி உண்டு: ஒரு கொழுந்து மட்டும் படத்தை நிறைக்கும்படி கிட்டப்போய் எடுப்பது, அல்லது பெரிய படத்தைத் துண்டுகளாக வெட்டித் தனித்தனியே காட்டுவது. கீழ்ப்பக்கத்தையும் ஒரு படம் எடுப்பது இன்னும் நல்லது. ஆனால் “சும்மா ஒரு படம் எடுங்கள்” என்ற வாக்குறுதி அத்தோடு போய்விடுகிறது.

இன்னொரு மறுப்பு கனமானது. தோட்டத்துக்கு உத்தியோகத்தர் இருக்கிறார், கால் ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு யார் இருக்கிறார்? தப்பும் தவறுமாகச் சொன்னாலும் ஒன்றுமில்லாததற்கு இது மேல் அல்லவா? அவருக்கு இது உதவக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் எப்போது கேட்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே செயலி இரண்டு வேறு செயலிகளாக மாறிவிடும். தோட்டம் மாற்றிச் சோதித்த பிறகும் நோயுள்ள 100இல் 95ஐயும் நோயற்ற 100இல் 95ஐயும் சரியாகச் சொல்லும் அபூர்வமான செயலி ஒன்று கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் 1,000 கொழுந்தில் 300இல் நோய் இருந்தால், அது “நோய்” என்று காட்டும் 320இல் 285 உண்மையில் நோய். ஆகஸ்டில் அதே 1,000இல் 20தான் நோயென்றால், சரியாகப் பிடிப்பது 19, வீணாகக் குற்றம் சாட்டுவது 49. மொத்தம் 68 எச்சரிக்கை, அதில் ஏறத்தாழ நாலில் மூன்று வீண். செயலியில் ஒரு வரிகூட மாறவில்லை, மாதம் மட்டும்தான் மாறியது. அந்த 68ஐ நம்பிச் செப்பு மருந்தைக் கலக்கினால் மருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் போகும். கலக்குமுன் அந்தக் கொழுந்துகளைத் திருப்பிக் கீழ்ப்பக்கத்தைப் பார்ப்பதற்குக் காசில்லை. புடைப்போ வெள்ளையோ தெரியாத கொழுந்துக்கு அடையாளமாக ஒரு நூலைக் கட்டிவிட்டு, சில நாள் கழித்து வந்து பார்க்கலாம்.