ஒரே அறிக்கை, ஆளுக்கொரு கணக்கு

ஒரு நிறுவனத்தின் நான்கு மண்டல மேலாளர்களுக்கும் ஒரே விற்பனை அறிக்கையைப் பகிர்ந்து, அதைத் திறக்கும் ஒவ்வொருவரும் தத்தம் மண்டலத்தின் பதிவுகளை மட்டுமே காணுமாறு செய்வது வரிசைநிலைப் பாதுகாப்பு எனப்படும். அறிக்கையின் பக்கத்தில் வைக்கப்படும் வடிகட்டியைப் பார்ப்பவர் நீக்கிவிட முடியும். இதுவோ அட்டவணைகளும் அவற்றின் தொடர்புகளும் அடங்கிய தரவு மாதிரியிலேயே பதிந்திருப்பதால், பிற மண்டலங்களின் வரிசைகள் கணக்கீட்டுக்குள் வருவதே இல்லை.

மைக்ரோசாஃப்ட்டின் பவர் பிஐ மென்பொருளில் இதற்கு ஒரு பாத்திரம், அதாவது அணுகல் விதியைத் தாங்கும் பெயர், உருவாக்கப்பட்டு, எந்த மின்னஞ்சலுக்கு எந்த மண்டலம் என்று காட்டும் பொறுப்பாளர் அட்டவணையின்மீது ஒற்றை வரி எழுதப்படுகிறது:

```
[Email] = USERPRINCIPALNAME()
```

வலப்பக்கத்துச் சார்பு, அறிக்கையைத் திறந்திருப்பவரின் உள்நுழைவுப் பெயரைத் தருவதால், மேலாளர் மாறும்போது அட்டவணையில் ஒரு வரியைத் திருத்தித் தரவைப் புதுப்பித்து, புதியவரைப் பாத்திரத்தில் சேர்த்தால் போதும். விதியைத் தொட வேண்டியதில்லை.

சிக்கல் பெரும்பாலும் விதியில் இல்லை, அட்டவணைகளின் இணைப்பில் இருக்கிறது. வடிகட்டல் இயல்பாக ‘ஒன்று’ பக்கத்திலிருந்து ‘பல’ பக்கத்துக்கே பாயும். ஒரு மண்டலத்துக்கு இரு பொறுப்பாளர்கள் இருக்கக்கூடுமாதலால் பொறுப்பாளர் அட்டவணை ‘பல’ பக்கத்தில் நிற்கிறது. அங்கே விழுந்த வடிகட்டல் மண்டல அட்டவணைக்கு ஏறாமலும், அதனால் விற்பனைக்கு இறங்காமலும் நின்றுவிட, தெற்கு மண்டல மேலாளர் நான்கு மண்டலங்களையும் காண்கிறார். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதே இதிலுள்ள ஆபத்து. அந்த இணைப்பை இருதிசையாக்கி, பாதுகாப்பு வடிகட்டலை இரு திசைகளிலும் செலுத்தும் தெரிவையும் குறித்த பின், “View as” வசதியில் அந்தப் பாத்திரத்தையும் மேலாளரின் மின்னஞ்சலையும் சேர்த்துக் கொடுத்துச் சோதிக்க வேண்டும். விதி சரியாக இருந்தும் ஒருவருக்கு எல்லாம் தெரிகிறதென்றால், பணியிடத்தில் அவருக்குத் தொகுக்கும் உரிமை தரப்பட்டிருக்கலாம். பார்வையாளர் உரிமை மட்டும் உள்ளவர்களையே இப்பாதுகாப்பு கட்டுப்படுத்தும்.

இதைவிட நுட்பமான விளைவு விழுக்காட்டில் தென்படுகிறது. மொத்த விற்பனை 40 கோடி ரூபாய், தெற்கின் விற்பனை 10 கோடி எனில், அம்மேலாளர் தம் பங்காக 25% காண வேண்டும். ஆனால் பிற வரிசைகள் அவருக்கு இல்லாதவையே என்பதால் திரை 100% என்கிறது. வடிகட்டலை நீக்கும் `ALL` சார்பாலும் பாதுகாப்பைக் கடக்க முடியாது, கடக்கவும் கூடாது. ஆகவே மாத வாரியான மொத்தத் தொகைகள் மட்டும் கொண்ட தனி அட்டவணை ஒன்றை, மண்டலத்தோடு இணைக்காமல், வகுத்தியாகப் பயன்படுத்துவது வழக்கம். மண்டலங்கள் நான்காயின் இது பெரிதும் பாதுகாப்பானதே. இரண்டே மண்டலங்கள் உள்ள நிறுவனத்திலோ, மொத்தத்திலிருந்து தம் தொகையைக் கழித்தாலே மற்றவரின் விற்பனை வெளியாகிவிடும் என்பதால், அங்கே பங்கு விழுக்காட்டையே கைவிடுவது நல்லது.