நான்கு அடி, ஒரு வெடிப்பு

100 சிசி பைக்கின் சிலிண்டருக்குள் பிஸ்டன் முதலில் கீழே இறங்குகிறது. உள்வால்வு திறந்து, காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே வருகின்றன. பிஸ்டன் மேலேறும்போது வால்வுகள் மூடியிருப்பதால், அந்தக் கலவை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காக நசுங்குகிறது. உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பிளக் பொறி தட்டுகிறது, ஏனென்றால் தீ பரவவும் நேரம் வேண்டும். சூடான வாயு விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ள, கனெக்டிங் ராடு அந்தத் தள்ளலைக் கிராங்கின் சுழற்சியாக்குகிறது. நான்காவது அடியில் புகை வெளியேறுகிறது. நான்கில் ஒன்றுதான் வேலை செய்கிறது. மற்ற மூன்றையும் சுழலும் கிராங்கின் வேகமே இழுத்துச் செல்கிறது.

நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால், நொடிக்கு 50 வெடிப்பு. இந்த ஓட்டத்தில் பிஸ்டன் வளையமும் சிலிண்டர் சுவரும் நேருக்கு நேர் உரசாமல் காப்பது மெல்லிய ஆயில் படலம்தான். வெப்பத்தைச் சுமந்து செல்வதும் அதுவே. ஆயில் குறைந்தால் சுவரில் கீறல் விழும். வளையம் தேய்ந்து, ஆயில் மேலேறி எரியும். சைலன்சரில் நீலப் புகை வருவது அதனால்தான்.

பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் இதே ஆயிலில் நனைகிறது. ஆகவே கார் ஆயிலை ஊற்றாதீர்கள், கிளட்ச் வழுக்கக்கூடும். வண்டியை நேராக நிறுத்தி, மாதம் ஒருமுறையாவது ஆயில் அளவைப் பாருங்கள்.