வால் தேய்ந்த புருவம்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கல்யாண வீடுகளில் பெண்ணுக்கு மேக்கப் போட ஆள் வந்துவிடுகிறார்கள். பெண்ணின் அம்மாவுக்குத்தான் நேரம் இருப்பதில்லை. கடைசி நிமிடத்தில் யாரோ கறுப்புப் பென்சிலை எடுத்து இரண்டு புருவத்திலும் வில்லாக இழுத்து விடுகிறார்கள். பிறகு ஆல்பத்தைப் புரட்டினால், அந்த அம்மாவின் முகம் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கிறது. மென்மையான பிரஷ்ஷும் கொஞ்சம் பழுப்புப் பவுடரும் இருந்தால் இது நடக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு அம்மாவின் முகத்தை வைத்தே சொல்கிறேன்.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது, மாநிறம், தலையில் பாதி நரை. மூக்குப் பக்கம் புருவ முடி ஓரளவு இருக்கிறது. வெளிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்து, ஏழெட்டு முடிதான் மிச்சம். இமை முடியும் அடர்த்தி குறைந்திருக்கிறது. திருச்சுழி திருமேனிநாதர் கோயிலில் காலை முகூர்த்தம், வெயிலில் போட்டோ.

பிரஷ்ஷைத் தொடும் முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும்: எப்போதிலிருந்து இப்படி? வயதாலும் பல வருடம் விடாமல் த்ரெட்டிங் செய்ததாலும் முடி மெலிவது சாதாரணம். ஆனால் சில மாதங்களில் புருவத்தின் வால் கொட்டியிருந்து, கூடவே அசதி, எடை கூடுதல், மலச்சிக்கல் என்று சொன்னால் தைராய்டுக்கு ரத்தம் பரிசோதிக்க வேண்டும். வட்டமாக வழுக்கை விழுந்திருந்தாலும், உடம்பில் உணர்ச்சியில்லாத தேமல் இருந்தாலும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொழுநோயின் அடையாளங்களில் புருவம் உதிர்வதும் ஒன்று. பவுடர் பூசினால் அந்த அடையாளம் மறைந்து போகும் என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

பென்சிலில் மெழுகும் எண்ணெயும் இருக்கிறது. வெயிலில் அது இளகி, வேர்வையோடு சேர்ந்து வழுக்கும். அதைவிட, பென்சில் கோட்டுக்கு ஓரம் உண்டு. நிஜப் புருவத்துக்கு ஓரம் கிடையாது. முடியும் முடிகளுக்கு நடுவே தெரியும் நிழலும்தான் இருக்கும். பிரஷ்ஷால் வைக்கிற பவுடர் அந்த நிழலை மட்டும் தருகிறது. பவுடர் மினுக்கில்லாததாக இருக்க வேண்டும். நிறம்தான் பலரும் சறுக்கும் இடம். நம் முடி கறுப்பு என்பதால் கறுப்பையே எடுக்கிறார்கள். மெலிந்த புருவத்தில் முடிகளுக்கிடையே தோல் தெரிவதால், ஓரடி தள்ளிப் பார்த்தால் அது அடர்பழுப்பாகத்தான் தெரியும். அந்த அடர்பழுப்பே போதும். இந்த அம்மாவைப் போல நரை கலந்தவருக்குச் சாம்பல் சாய்ந்த பழுப்பு இன்னும் பொருந்தும். செம்பழுப்பு வேண்டாம், வெயிலில் துருப் போலத் தெரியும். மருதாணி போட்ட தலைமுடியின் நிறத்துக்குப் புருவத்தை இழுத்துப் போவதும் தவறு.

முகூர்த்த நாளில் நெற்றியில் விபூதி இருக்கும், தலையில் வைத்த எண்ணெய் புருவம் வரை இறங்கியிருக்கும். எண்ணெய் மேல் பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டும், விபூதி மேல் நிறம் வெளுக்கும். ஈரத்துணியால் புருவத்தைத் துடைத்து, நன்றாகக் காய்ந்ததும் முகப் பவுடரை லேசாக ஒற்றி, மஸ்காரா குச்சி போன்ற சுழல் பிரஷ்ஷால் முடியை அது வளர்ந்த போக்கிலேயே சீவுங்கள். சீவியதும் இடைவெளிகள் தாமாகத் தெரியும். நிரப்ப வேண்டியது அவற்றை மட்டும்தான்.

புருவம் எங்கே முடிய வேண்டும் என்று பார்க்க, மூக்கின் பக்க ஓரத்திலிருந்து கண்ணின் வெளிமுனை வழியாக ஒரு குச்சியைச் சாய்த்துப் பிடிப்பார்கள். குச்சி புருவத்தைத் தொடுமிடம் வால் முனை. இது தோராயக் கணக்குதான். வயதானவர்களுக்கு வாலை அதற்கும் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துவது நல்லது, நீண்டு இறங்கிய வால் கண்ணையும் சேர்த்துத் தொங்க வைக்கும். மிஞ்சியிருக்கும் அந்த ஏழெட்டு முடியே குச்சியைவிட நம்பகமான அடையாளம். அவை எந்தக் கோட்டில் நிற்கின்றனவோ, அதுதான் அவருடைய புருவம்.

சாய்வு முனையுள்ள மெல்லிய பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு, புறங்கையில் இரண்டு தட்டு தட்டுங்கள். அதிகம் தேவைப்படும் வாலில் தொடங்குங்கள். முடி நீளத்துக்கே சின்னச் சின்ன இழுப்பு, வாலில் வெளிப்பக்கமாகக் கீழ்நோக்கி. நடுவில் வெளிப்பக்கமாக மேல்நோக்கி. மூக்குப் பக்கத்துக்கு வரும்போது புதிதாகப் பவுடர் தொட வேண்டாம், பிரஷ்ஷில் மிச்சமிருப்பதே போதும். அங்கே அடர்த்தி கூடினால் முகம் கோபமாகத் தெரியும். பிறகு சுழல் பிரஷ்ஷால் மறுபடி சீவினால் இழுப்பின் தடம் கரைந்துவிடும்.

கண்ணாடி பார்க்கும்போது நம்மை அறியாமலே புருவத்தை உயர்த்துகிறோம். அந்த நிலையில் வரைந்தது, முகம் தளர்ந்ததும் இடம் தவறி நிற்கும். அதனால் அவரோடு ஏதாவது பேசிக்கொண்டே போடுங்கள். இரண்டு புருவத்தையும் அச்சாக ஒன்றாக்கவும் வேண்டாம். எல்லோருக்கும் ஒன்று சற்று மேலேதான் இருக்கும், இத்தனை வருடம் வீட்டார் பார்த்துப் பழகியது அந்த முகத்தைத்தான்.

இமையோரத்துக்கு இன்னும் சின்ன, தட்டையான பிரஷ் வேண்டும். அதே அடர்பழுப்பு, பிரஷ் நுனியில் லேசான ஈரம். கோடு இழுக்கக் கூடாது. மேல் இமை முடிகளின் வேருக்கு நடுவே, வெளிமுனையிலிருந்து உள்நோக்கி, புள்ளி புள்ளியாக ஒற்ற வேண்டும். கண்ணின் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் நிறுத்தலாம். கீழ் இமையில் வெளி ஓரத்தில் மட்டும் மிச்சப் பவுடர், அல்லது ஒன்றுமே வேண்டாம். கண் திறந்திருக்கும்போது பவுடர் தனியாகத் தெரியாமல் முடி அடர்ந்தது போலத் தெரிந்தால் சரியாக வந்திருக்கிறது. கண்மை வைக்கிற உள்விளிம்பில் இதை வைக்காதீர்கள். கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கும் எண்ணெயைச் சுரக்கும் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது. அது அடைத்தால் எரிச்சலும் இமைக்கட்டியும் வரும்.

போட்டு முடித்ததும் அறையின் எல்.இ.டி. வெளிச்சத்தை நம்ப வேண்டாம், அவரை வாசலுக்கு அழைத்து வாருங்கள். கரிசல் காட்டு வெயில் நிழலில்லாத வெயில், அறையில் அளவாகத் தெரிந்தது வெளியே அதிகமாகத் தெரியும். கைநீட்டும் தூரத்தில் நின்று, முதலில் கண் தெரிகிறதா புருவம் தெரிகிறதா என்று பாருங்கள். புருவம் முந்தினால் கழுவ வேண்டாம், காய்ந்த சுழல் பிரஷ்ஷால் நாலு தடவை சீவினாலே பாதி இறங்கிவிடும். மண்டபத்தில் வேர்த்தால் துடைக்காமல் கைக்குட்டையால் ஒற்றச் சொல்லுங்கள். சாயங்காலம் வரை தாங்காது, இடையில் வாலை ஒருமுறை தொட்டுவிட வேண்டியிருக்கும்.

கல்யாண வீட்டில் ஒரே பிரஷ் பத்து முகத்துக்குப் போவது ஆபத்து. மெட்ராஸ் ஐ ஒருவர் கண்ணிலிருந்து இன்னொருவர் கண்ணுக்கு அப்படியும் போகும். இமைக்குத் தொடும் பிரஷ்ஷை ஆளுக்கொன்றாகத் தனியே வையுங்கள். துளி ஷாம்புவால் கழுவி, சாய்த்துக் காய விடுங்கள். இந்தப் பக்கம் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு, அதிலேயே அலசினால் உப்புப் படிந்து இழை விறைத்துவிடும். விறைத்த பிரஷ் தோலில் கோடு கோடாகக் கீறும். அதனால் கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் கேன் தண்ணீர் செலவழியுங்கள்.